மார்ச் 31-இல் தேங்கி நிற்கும் சரக்கு: வயதைப் பார்ப்பதா, விலையைப் பார்ப்பதா?

வேலூரில் மார்ச் 31 என்பது ஸ்வெட்டர் விலைபோகாமல் தேங்கிவிட்ட நாள்; ஏர் கூலருக்கோ அப்போதுதான் வியாபாரம் சூடுபிடிக்கிறது. இரண்டையும் விற்கும் லாங் பஜார் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். சென்ற ஏப்ரலில் வாங்கிய 10 கூலர்கள், அடக்கம் தலா ரூ. 6,000, அக்டோபர் நடுவில் வாங்கிய 80 சிறுவர் ஸ்வெட்டர்கள், அடக்கம் தலா ரூ. 400. ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது இந்தச் சரக்கை என்ன மதிப்பில் காட்டுவது என்பதுதான் கேள்வி.

பல கடைகளில் நடப்பது வயதுக் கணக்கு: 180 நாள் தாண்டிய சரக்கின் மதிப்பில் 25 விழுக்காட்டைக் கழித்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் கூலரில் ரூ. 15,000 குறைகிறது, இன்னும் 180 நாள் ஆகாத ஸ்வெட்டரில் ஒரு ரூபாய்கூடக் குறைவதில்லை. எது விற்கும், எது விற்காது என்பதைக் கடைப்பையனே சொல்லிவிடுவான். இந்தக் கணக்கு அதை அப்படியே தலைகீழாகச் சொல்கிறது.

கணக்கியல் தரநிலை 2 கேட்பது வேறு. வழக்கமான வியாபாரத்தில் கிடைக்கக்கூடிய விலையிலிருந்து விற்பதற்கான செலவைக் கழித்தால் வருவது நிகரத் தீர்வு மதிப்பு. அதுவும் அடக்கமும், இரண்டில் எது குறைவோ அதுவே சரக்கிருப்பின் மதிப்பு. கூலர் வரி நீங்கலாக ரூ. 7,500-க்குப் போகும், வீட்டில் கொண்டுபோய் இறக்க ரூ. 300. மிஞ்சும் ரூ. 7,200 அடக்கத்தைவிட அதிகம் என்பதால் கூலர் ரூ. 6,000-இலேயே நிற்கும். ஸ்வெட்டரின் தள்ளுபடிச் சீட்டில் உள்ள ரூ. 315-இல் 5 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்ந்திருக்கிறது. அதை நீக்கினால் ரூ. 300, விற்பனையாளர் கமிஷன் ரூ. 20 போக ரூ. 280. ஆக, ஒன்றுக்கு ரூ. 120 வீதம் ரூ. 9,600 குறைக்க வேண்டும். சீட்டு விலையை வரியோடு எடுத்துக்கொள்வதுதான் இதில் அடிக்கடி நேரும் பிழை.

மூன்றாவது வழி, எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிப் பார்ப்பது. மொத்த அடக்கம் ரூ. 92,000, மொத்த நிகர மதிப்பு ரூ. 94,400; எனவே குறைக்க எதுவுமில்லை என்று வரும். கூலரில் இன்னும் கைக்கு வராத லாபம் ஸ்வெட்டரின் நட்டத்தை மூடிவிடுகிறது. ஒரே வகைப் பொருள்களைச் சேர்த்துப் பார்க்கத் தரநிலை இடம் தருகிறது. கூலரும் ஸ்வெட்டரும் அப்படிச் சேருபவை அல்ல.

“அடுத்த கார்த்திகைக்கு முழு விலைக்கே விற்றுவிடுவேன்” என்று முதலாளி சொல்லக்கூடும். முந்தைய ஆண்டு மிஞ்சிய ஸ்வெட்டர்கள் மறு பருவத்தில் என்ன விலைக்குப் போயின என்ற பில்களைக் காட்டினால், ஆடிட்டர் அதை ஏற்க இடமுண்டு. வெறும் வாய்ச்சொல் போதாது. கணக்கை முடிப்பதற்குள் ஏப்ரலில் விழும் தள்ளுபடி பில்களும் மார்ச் 31 நிலைமைக்குச் சாட்சியே. அந்த ஏப்ரலில் கிடங்கில் தண்ணீர் புகுந்து சரக்கு நனைந்து விலை சரிந்தால் மட்டும், அந்த நட்டம் அடுத்த ஆண்டுக் கணக்கில் சேரும்.