கான்ட்ராக்ட்டைப் புதுப்பித்துக்கொண்டே போனால் நிரந்தரம் கிடைக்குமா: ஆய்வாளர், லேபர் கோர்ட், ரிட் – எந்த வழி?

ஆறு மாதம், பதினொரு மாதம் என்று கான்ட்ராக்ட் போட்டு, முடிந்ததும் சில நாள் இடைவெளி விட்டு, மறுபடியும் அதே இயந்திரத்தில் அதே ஆளை நிறுத்துவது தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் பழகிப்போன நடைமுறை. இப்படி நாலைந்து முறை புதுப்பிக்கப்பட்டவர் நிரந்தரம் கேட்கலாமா? கேட்கலாம். ஆனால் எத்தனை முறை புதுப்பித்தார்கள் என்பது மட்டுமே உரிமை தந்துவிடாது. எந்தச் சட்டத்தின் கீழ், யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கையில் உள்ள வழிகள் மூன்று. தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டத்தின் கீழ் ஆய்வாளரிடம் மனு கொடுப்பது ஒன்று. தொழில் தகராறு எழுப்பி லேபர் கோர்ட்டுக்குப் போவது இன்னொன்று. அரசு, அரசு சார்ந்த நிறுவனம் என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடுவது மூன்றாவது. தனியார் ஆலைத் தொழிலாளிக்கு முதல் வழியே சிறந்தது என்பது என் உறுதியான கருத்து. காரணம் ஒன்றுதான்: அங்கே நிர்வாகத்தின் கெட்ட நோக்கத்தை நிரூபிக்க வேண்டியதில்லை, நாள் கணக்கைக் காட்டினால் போதும்.

1981 சட்டத்தின் 3-வது பிரிவு சொல்வது எளிமையானது. 24 காலண்டர் மாதங்களுக்குள் 480 நாள் தொடர் பணி முடித்த தொழிலாளி நிரந்தரமாக்கப்பட வேண்டும். வேறு எந்தச் சட்டத்தில் என்ன இருந்தாலும் இது பொருந்தும் என்று அந்தப் பிரிவே தொடங்குகிறது. நோய், அனுமதி பெற்ற விடுப்பு, விபத்து, சட்டவிரோதமல்லாத வேலைநிறுத்தம், கதவடைப்பு, தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்றது போன்ற காரணங்களால் ஏற்படும் இடைவெளி தொடர் பணியை முறிக்காது. கான்ட்ராக்ட்டுகளுக்கு நடுவில் நிர்வாகமே திணிக்கும் பத்து நாள் இடைவெளியை இந்தக் கடைசிக் காரணத்தின் கீழ்தான் வாதிட வேண்டும். பதிலித் தொழிலாளியும் சட்டத்தின் வரையறைக்குள் வருகிறார்.

பலரும் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. 240 நாள் வேலை செய்துவிட்டால் நிரந்தரம் என்று ஆலை வாசலில் பேசிக்கொள்வது தவறு. 240 நாள் என்பது ஆட்குறைப்பின்போது நோட்டீஸும் நஷ்டஈடும் கேட்கும் தகுதியைத்தான் தரும். அதிலும் 2025 நவம்பர் வரை இருந்த தொழில் தகராறு சட்டத்தில் 1984-இல் சேர்க்கப்பட்ட 2(ஓஓ)(பிபி) பிரிவின்படி, கான்ட்ராக்ட் காலம் முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் அது ஆட்குறைப்பே ஆகாது. ஆகவே 240-ஐ நம்பிப் போகிறவர் முதல் வாய்தாவிலேயே அந்தச் சுவரில் முட்டுவார். நிரந்தரத்துக்கான எண் 480.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு லேத் ஆபரேட்டருக்கு நான்கு கான்ட்ராக்ட்டுகள் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 2022 ஜனவரி 3 முதல் ஜூன் 30 வரை, 179 நாள். இரண்டாவது 2022 ஜூலை 11 முதல் டிசம்பர் 31 வரை, 174 நாள். மூன்றாவது 2023 ஜனவரி 9 முதல் ஜூன் 30 வரை, 173 நாள். நான்காவது 2023 ஜூலை 10 முதல் டிசம்பர் 31 வரை, 175 நாள். மொத்தம் 701. இடைவெளிகளை நாம் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நிர்வாகத்துக்குச் சாதகமாக 98 ஞாயிற்றுக்கிழமைகளையும் கழித்துவிடுவோம், 603 மிஞ்சும். முதல் மூன்று கான்ட்ராக்ட்டுகளில் சம்பளமில்லாமல் 40 நாள் வரவில்லை என்றால் 563. அப்போதும் 480-ஐத் தாண்டிவிட்டது. தாண்டிய நாளையும் குறித்துவிடலாம்: முதல் மூன்றில் 413 நாள் சேர்ந்திருக்கும், மீதி 67 நாள் நான்காவது கான்ட்ராக்ட்டில் 2023 செப்டம்பர் 25 அன்று நிறைவாகும்.

மனுவில் இந்தத் தேதியை எழுதுவது முக்கியம். "இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன்" என்று எழுதினால் நிர்வாகம் மறுத்துவிட்டுப் போய்விடும். "இந்த 24 மாதத்தில் இந்தத் தேதியில் 480 முடிந்தது" என்று எழுதினால், எந்த நாள் தவறு என்று அவர்கள் ஆவணத்தோடு காட்ட வேண்டிய நிலை வரும். சம்பளத்தோடு கூடிய வார விடுமுறைகளையும் வேலை நாளாகக் கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் வங்கி வழக்கில் சொன்னது. அது 240 நாள் கணக்குக்கான தீர்ப்பு. எண்ணிக்கை விளிம்பில் நிற்பவர் அதை மேற்கோள் காட்டலாம், ஆனால் அதை மட்டுமே நம்பி இறங்காமல், கொஞ்சம் பொறுத்து நாள் சேர்த்துக்கொண்டு போவது பாதுகாப்பு.

இனி சான்று. வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் இங்கேதான், எந்த வழியில் போனாலும். இத்தனை நாள் வேலை செய்தேன் என்று நிரூபிக்கும் பொறுப்பு முதலில் தொழிலாளியுடையது. வெறும் வாய்மொழி போதாது என்று 2002-இல் ஹதிமணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2005-இல் யெல்லட்டி வழக்கில் அதைச் சற்றுத் தளர்த்தியது. தொழிலாளி சாட்சிக் கூண்டேறி, தன் கையில் இருப்பதைக் காட்டி, மஸ்டர் ரோலைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்டிருந்தால் நிலைமை மாறும். ஆகவே மஸ்டர் ரோல், சம்பளப் பதிவேடு ஆகியவற்றை நிர்வாகம் தாக்கல் செய்ய வேண்டும் என்று எழுத்தில் ஒரு மனு கட்டாயம் போட வேண்டும். அதைச் செய்யாமல் விட்டுவிட்டு, பிறகு அவர்கள் ஏட்டை மறைத்தார்கள் என்று வாதிடுவது எடுபடுவது கடினம்.

கைவசம் இருக்கவேண்டியவை: ஒவ்வொரு கான்ட்ராக்ட் உத்தரவின் நகல், சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, பி.எஃப். பாஸ்புக், இ.எஸ்.ஐ. பங்களிப்பு விவரம். இவற்றில் இ.எஸ்.ஐ. விவரத்தை யாரும் மதிப்பதில்லை, ஆனால் மிகப் பயனுள்ளது அதுதான். ஒவ்வொரு மாதமும் எத்தனை நாளுக்குச் சம்பளம் கொடுக்கப்பட்டது என்ற எண்ணிக்கை அதில் இருக்கிறது. அதை நிரப்பியவர் முதலாளியே என்பதால், பிறகு அவர் மறுப்பது கடினம். கான்ட்ராக்ட் இடைவெளி என்று சொல்லப்படும் நாட்களுக்கும் அதில் சம்பளம் பதிவாகியிருந்தால், இடைவெளி காகிதத்தில் மட்டுமே இருந்தது என்பது வெளிச்சமாகிவிடும். இவற்றையெல்லாம் வேலையில் இருக்கும்போதே இறக்கி, அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மனு கொடுக்கும் முறை சிக்கலில்லை. 1981 சட்ட விதிகளின்படி நிர்வாகம் படிவம் 1-இல் தொழிலாளர் பதிவேடு வைத்து, பட்டியலைப் பார்வைக்கு வைக்க வேண்டும். தன் பெயர் அதில் இல்லாதவர், அல்லது விவரம் தவறாக இருப்பவர், 6-வது விதியின்படி ஆய்வாளரிடம் முறையிடலாம். விசாரித்து, பதிவேட்டைத் திருத்தவோ நிரந்தர உத்தரவு வழங்கவோ அவர் நிர்வாகத்துக்கு ஆணையிட முடியும். தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் மாவட்ட அலுவலகம். கடை, நிறுவனம் என்றால் தொழிலாளர் துறை. முதலில் நிர்வாகத்துக்கு ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம், பதில் வராவிட்டால் ஆய்வாளருக்கு நாள் கணக்கு அட்டவணையோடு மனு. வழக்கறிஞர் இல்லாமலே இதைத் தொடங்கலாம்.

நிர்வாகம் எடுத்துவைக்கும் ஆட்சேபங்களும் பழகியவைதான். 50 தொழிலாளர்களுக்குக் குறைவு என்பார்கள்; பருவகாலத் தொழில் என்பார்கள்; கட்டுமான வேலை என்பார்கள். இவை உண்மையாக இருந்தால் சட்டம் பொருந்தாது, அந்த இடத்திலேயே வழக்கு முடிந்துவிடும். இவர் வெறும் டிரெயினி என்பதும் அடிக்கடி வரும். அப்போது உற்பத்தி இலக்கு, ஷிப்ட் பட்டியல், ஓவர்டைம் சம்பளம் ஆகியவற்றைக் காட்டி, செய்தது பயிற்சி அல்ல, முழு உற்பத்தி வேலை என்று நிறுவ வேண்டும். எல்லாவற்றையும்விடக் கடினமானது, சம்பளம் ஒப்பந்ததாரர் பெயரில் வந்திருப்பது. 2001-இல் செயில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு என்பதை முதலில் தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபிக்க வேண்டும். அப்படிச் சம்பளம் வாங்கியவருக்கு ஆய்வாளர் வழி பெரும்பாலும் கைகொடுக்காது. நேரே தகராறு எழுப்புவதே நல்லது.

இந்த வழியின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஆய்வாளர் ஆணையை எதிர்த்து நிர்வாகம் ரிட் போட்டால் வருடங்கள் ஓடும். சட்டம் நிரந்தரத் தகுதியைத் தருகிறதே தவிர, சம்பளம் எவ்வளவு என்று சொல்வதில்லை; அது ஆலையின் ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

லேபர் கோர்ட் வழியில், தற்காலிகமாகவே வருடக்கணக்கில் வைத்திருப்பது நேர்மையற்ற தொழில் நடைமுறை என்று வாதிடலாம். பழைய தொழில் தகராறு சட்டத்தில் ஐந்தாம் அட்டவணை, 10-வது இனம் அதற்காகவே இருந்தது. ஆனால் அதில் நிரந்தரச் சலுகைகளைப் பறிக்கும் நோக்கம் இருந்தது என்று காட்டியாக வேண்டும். ஒரே வேலை வருடம் முழுக்க ஓடுகிறது, இடைவெளியில் வேறொருவர் அதே இயந்திரத்தில் நின்றார் என்ற சாட்சியம் இருந்தால் இது வலுவான வழக்கு. இல்லையென்றால் நீண்ட, செலவு பிடிக்கும் வழி.

அரசுத் துறை என்றால் கணக்கே வேறு. 2006 ஏப்ரல் 10-இல் வந்த உச்ச நீதிமன்றத்தின் உமாதேவி தீர்ப்பு, முறையான தேர்வில்லாமல் வந்தவருக்கு நீண்ட சேவை மட்டுமே நிரந்தர உரிமை தராது என்றது. அனுமதிக்கப்பட்ட பணியிடத்தில் பத்தாண்டு கடந்தவர்களுக்கு ஒருமுறை வழியை மட்டும் திறந்தது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்கு ஆளை வருடக்கணக்கில் தற்காலிகமாக வைத்திருக்க உமாதேவியைக் கேடயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது. ரிட் போடுகிறவருக்கு இது புதிய பலம், ஆனால் ஒவ்வொரு வழக்கும் நியமன முறையின் விவரத்தில்தான் நிற்கும்.

2025 நவம்பர் 21 முதல், பழைய தொழில் தகராறு சட்டத்துக்குப் பதிலாக மத்திய அரசின் தொழில் உறவுத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. குறித்தகால வேலைவாய்ப்பை அது நேரடியாகவே அங்கீகரிக்கிறது: நிரந்தரத் தொழிலாளிக்கு இணையான சம்பளம், ஒரு வருடத்திலேயே கிராஜுவிட்டி. இதைக் காட்டி, 1981 சட்டம் இனிப் பொருந்தாது என்று நிர்வாகங்கள் வாதிடும். மத்தியத் தொகுப்பு ரத்து செய்தவற்றில் இந்த மாநிலச் சட்டம் இல்லை என்பதும், 3-வது பிரிவின் தொடக்கச் சொற்களும்தான் நம் பக்க பதில். தொகுப்பு வருவதற்கு முன்பே 480 நாளைக் கடந்தவருக்கு வாதம் இன்னும் வலுவானது. அதனால்தான் அந்தத் தேதியை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதச் சொல்கிறேன்.

கடைசிக் கான்ட்ராக்ட் முடிவதற்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும். வெளியே அனுப்பப்பட்ட பிறகு ஆய்வாளர் வழி பலமிழந்துவிடும். வேலைநீக்கத் தகராறாக லேபர் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டிவரும். அதற்கான காலவரம்பு பழைய சட்டத்தில் மூன்று வருடமாக இருந்தது, புதிய தொகுப்பில் இரண்டு வருடம்.