'வழக்கு நிலுவையில் உள்ளதா?': 'இல்லை' என்று எழுதுவதும் 'ஆம்' என்று எழுதி விளக்குவதும்

அரசுப் பணிக்குத் தேர்வானவரின் கைக்கு வரும் படிவங்களில், முன்நடத்தைச் சரிபார்ப்புக்காக நிரப்பித் தரவேண்டிய சான்றுறுதிப் படிவமும் ஒன்று. மத்திய அரசுத் துறைகள் பயன்படுத்தும் அந்தப் படிவத்தின் தலைப்பகுதியிலேயே, பொய்யான தகவல் தருவதும் உண்மையை மறைப்பதும் தகுதியிழப்பாகும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எப்போதாவது கைது செய்யப்பட்டீர்களா, உங்கள் மீது குற்ற வழக்குத் தொடரப்பட்டதா, தண்டனை பெற்றீர்களா, இந்தப் படிவத்தை நிரப்பும் நாளில் ஏதேனும் நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் உள்ளதா என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கப்படும். கடைசிக் கேள்விக்கு வந்ததும் பலருடைய பேனா நின்றுவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். 2022-இல் வரப்புத் தகராறில் இரண்டு குடும்பங்கள் மோதிக்கொள்கின்றன. எதிர்த்தரப்பு கொடுத்த புகாரில் அப்பா, சித்தப்பா, அண்ணன் ஆகியோரோடு, அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இளைஞரின் பெயரும் நான்காம் எதிரியாகச் சேர்க்கப்படுகிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) ஆகிய பிரிவுகளில், அதாவது ஆபாசமாகத் திட்டியது, கையால் அடித்தது, மிரட்டியது என்று, முதல் தகவல் அறிக்கை பதிவாகிறது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி, குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்துகொண்டிருக்கும்போது அவருக்கு எழுத்தர் பணி கிடைக்கிறது. இப்போது அவர் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: 'இல்லை' என்று எழுதலாம், கட்டத்தில் ஒரு கோட்டைப் போட்டுவிட்டுப் பட்டும் படாமல் நகரலாம், 'ஆம்' என்று எழுதி விளக்கத்தை இணைக்கலாம்.

முதல் வழியை நோக்கித் தள்ளும் எண்ணம் புரிந்துகொள்ளக் கூடியதே. 'இது குடும்பச் சண்டை வழக்கு, எப்படியும் விடுதலைதான் ஆகப்போகிறது, இதைப் போய் எழுதி வேலையைக் கெடுத்துக்கொள்வானேன்' என்று வீட்டுப் பெரியவர்களே சொல்வார்கள். இந்தக் கணக்கு, வழக்கும் மறைப்பும் ஒன்றே என்று வைத்துக்கொள்கிறது. சட்டத்தின் பார்வையில் அவை இரண்டு தனித்தனிச் செயல்கள். வழக்கு என்பது பிறர் சுமத்திய குற்றச்சாட்டு. அது நாளை விடுதலையில் முடியலாம். படிவத்தில் எழுதிய 'இல்லை' அவரே தம் கையொப்பத்துடன் சொன்னது; விடுதலைத் தீர்ப்பு வந்தாலும் அந்த நாளில் அந்த விடை பொய் என்பது மாறாது.

உச்ச நீதிமன்றம் 2021-இல் தீர்ப்பளித்த ஒரு வழக்கில் இந்த வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரிகிறது. ராஜஸ்தான் மின்தொடரமைப்பு நிறுவனத்தில் தொழில்நுட்ப உதவியாளராகச் சேர்ந்த ஒருவர், தம் மீதான குற்ற வழக்கை உறுதிமொழியில் மறைத்திருந்தார். குற்றம் சிறியதுதான், குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையின் பேரில் விடுவிக்கும் நன்னடத்தைச் சட்டத்தின் சலுகையும் கிடைத்துவிட்டது என்பது அவருடைய வாதம். தகராறு அற்பமானதா, பின்னர் விடுதலை கிடைத்ததா என்பதல்ல கேள்வி. பணியில் சேரும் கட்டத்திலேயே பொய் சொன்னவரை நிறுவனம் நம்ப முடியுமா என்பதே கேள்வி என்று சொல்லி, பணிநீக்கத்தை நீதிமன்றம் உறுதி செய்தது.

பொய் எப்படி வெளியே வருகிறது என்பதையும் பார்க்கவேண்டும். படிவத்தில் கடந்த சில ஆண்டுகள் வசித்த முகவரிகளைக் கேட்பதே, அந்தந்தக் காவல் நிலையத்திற்கு அனுப்பி விசாரிப்பதற்காகத்தான். நான்காம் எதிரியாக இருந்தாலும் பெயர் நிலையப் பதிவேட்டில் இருக்கும். நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தரப்பினர் பெயரைக் கொண்டு எவரும் தேடிவிட முடிகிற காலம் இது. சரிபார்ப்பு அறிக்கை வரச் சில நேரம் மாதக்கணக்காகும். அதற்குள் பணி ஆணை, முன்நடத்தைச் சரிபார்ப்புக்கு உட்பட்டது என்ற நிபந்தனையோடு தரப்பட்டுவிடுவதும் உண்டு. இளைஞர் பணியில் சேர்ந்து, வேறு வாய்ப்புகளைக் கைவிட்டு, ஊர் மாறி உட்கார்ந்த பிறகு விளக்கம் கேட்கும் குறிப்பாணை வருகிறது. அப்போது அவர் விளக்க வேண்டியது வரப்புத் தகராறை அல்ல. ஏன் 'இல்லை' என்று எழுதினார் என்பதை. அதற்கு நல்ல பதிலே கிடையாது.

மறைத்தவர்கள் எவருமே தப்பவில்லை என்று சொன்னால் அது சரியாகாது. உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2016 ஜூலை 21 அன்று அவதார் சிங் வழக்கில் வகுத்த வழிகாட்டுதல்களின்படி, இளவயதில் முழக்கமிட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால், பணியமர்த்துபவர் தம் விருப்புரிமையின்படி அதைப் பொறுத்துக்கொள்ளலாம். தம் மீது வழக்கு இருப்பதே தெரியாதவரை மறைத்தவராகக் கருத முடியாது. படிவம் குறிப்பாகக் கேட்டதற்குத்தான் விடை சொல்லக் கடமை உண்டு. பணி நிரந்தரமாக்கப்பட்டவரை நீக்குவதென்றால் துறை விசாரணை நடத்தியே ஆகவேண்டும். இந்த வழியில் சிலர் வென்றும் இருக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் 2004-ஆம் ஆண்டுக் காவலர் தேர்வில் தேர்வான ஒருவர், வழக்கைக் குறிப்பிடாததால் பணியை இழந்து, உச்ச நீதிமன்றம் வரை சென்று தம் பக்கம் தீர்ப்புப் பெற்றார். தீர்ப்பு வந்த ஆண்டு 2024. ஏறத்தாழ இருபது ஆண்டு காத்திருந்து பெற்ற அந்த வெற்றியை 'இல்லை' என்று எழுதுவதற்கான ஆதரவு வாதமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இரண்டாவது வழியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோடு போடுவதும், வெற்றிடமாக விடுவதும், 'பொருந்தாது' என்று எழுதுவதும், கேள்வி தெளிவாக இருக்கும்போது மறைப்பாகவே படிக்கப்படும். பொய்யின் இடர் முழுவதும் அதில் உண்டு, வெளிப்படையாகச் சொன்னதன் பயன் சிறிதும் இல்லை.

'ஆம்' என்று எழுதுபவரின் நிலை வேறு. அவரைப் பற்றி அதிகாரி எடைபோட வேண்டியது வழக்கின் தன்மையை மட்டுமே: எந்தப் பிரிவுகள், அப்போது வயது என்ன, அவர் மீது தனிப்பட என்ன செயல் சொல்லப்பட்டிருக்கிறது, விண்ணப்பித்த பணிக்கும் அதற்கும் தொடர்பு உண்டா. அதே 2016 தீர்ப்பு, நிலுவையிலுள்ள அற்ப வழக்கை உண்மையாகத் தெரிவித்தவரை, வழக்கின் முடிவுக்கு உட்பட்டுப் பணியமர்த்தலாம் என்கிறது. மறுத்தாலும் அந்த மறுப்பை எதிர்த்து வாதிடுவதற்கு அவரிடம் கறைபடாத ஒரு படிவம் இருக்கும். அடுத்த பணிக்கு விண்ணப்பிக்கும்போது 'முன்பு பொய் சொன்னவர்' என்ற குறிப்பு தொடராது.

இந்த வழிக்கும் வரம்பு உண்டு. உண்மையாகத் தெரிவித்தாலும் முன்நடத்தையைப் பரிசீலிக்கும் உரிமை பணியமர்த்துபவருக்கு இருக்கிறது, வேலை கொடுத்தே தீரவேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது என்பதையும் அதே தீர்ப்பு சொல்கிறது. சீருடைப் பணிகளில் கண்டிப்பு அதிகம். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணிக்கான சிறப்பு விதிகளில் 14(பி)-இன் விளக்கப்படி, சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார்தாரர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரும்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவர். சரிபார்ப்பின்போது வழக்கு நிலுவையில் இருந்து, பின்னர் கௌரவமான விடுதலையில் முடிந்தால், அவர் அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் பணி கோர முடியும். எனவே நம் இளைஞர் விண்ணப்பித்தது எழுத்தர் பணியாக இல்லாமல் காவலர் பணியாக இருந்தால், உண்மை சொன்னதால் அந்த முறை வாய்ப்புப் போகலாம். பொய் சொல்லியிருந்தாலும் சரிபார்ப்பில் அதே வாய்ப்புப் போயிருக்கும். மறைத்தவர் என்ற பெயரும் கூடச் சேர்ந்திருக்கும்.

'ஆம்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடுவதும் பாதுகாப்பல்ல, ஏனென்றால் விவரம் இல்லாத 'ஆம்' மிக மோசமான வழக்கையே கற்பனை செய்ய இடம் தருகிறது. எழுதுவதற்கு முன் முதல் தகவல் அறிக்கையின் நகலும், குற்றப்பத்திரிகையின் நகலும் கையில் இருக்கவேண்டும். இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்குக்கென்று தரப்படும் தனி அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணைக் கொண்டு அடுத்த வாய்தா தேதியைப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு ஒரு தனித்தாளில் இப்படி எழுதலாம்: 'மேற்படி கேள்விக்கு என் விடை ஆம். நிலத்தகராறு தொடர்பாக 2022-இல் பதிவான குற்ற எண்ணின் அடிப்படையில், நடுவர் நீதிமன்றத்தில் என் தந்தை உள்ளிட்ட நால்வர் மீது வழக்கு விசாரணையில் உள்ளது. நான் நான்காம் எதிரி. பிரிவுகள் 294(பி), 323, 506(1). நான் கைது செய்யப்படவில்லை. குற்றச்சாட்டை மறுக்கிறேன். அடுத்த விசாரணைத் தேதியும் ஆவண நகல்களும் இணைக்கப்பட்டுள்ளன. வழக்கின் முடிவை உடனே தெரிவிப்பேன்.' குற்ற எண், காவல் நிலையம், நீதிமன்றம், வழக்கு எண் ஆகியவற்றை அந்தந்த இடத்தில் முழுமையாக நிரப்பவேண்டும். புகார்தாரரைத் திட்டுவதோ, 'பொய் வழக்கு' என்று நான்கு பக்கம் வாதாடுவதோ வேண்டாம்; படிப்பவர் நீதிபதி அல்லர், கோப்பில் குறிப்பு எழுதப்போகும் பிரிவு அலுவலர்.

கேள்வியின் சொற்களைக் கவனமாகப் படிப்பதில்தான் நேர்மையானவர்களே தடுக்கி விழுகிறார்கள். முதல் தகவல் அறிக்கை மட்டும் பதிவாகி, குற்றப்பத்திரிகை தாக்கலாகாத நிலையில், 'நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் உள்ளதா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்பது சொல்லளவில் சரியாகவும் இருக்கலாம். ஆனால் 'முதல் தகவல் அறிக்கை பதிவாகியுள்ளது, காவல்துறையின் புலன்விசாரணை நிலையில் உள்ளது' என்ற ஒரு வரியைச் சேர்ப்பதால் இழப்பு எதுவும் இல்லை. சேர்க்காவிட்டால் பின்னர் வாதாட வேண்டியிருக்கும். அதேபோல், வழக்கு விடுதலையில் முடிந்துவிட்டால் நிலுவைக் கேள்விக்கு 'இல்லை' என்பது உண்மை; ஆனால் 'எப்போதாவது வழக்குத் தொடரப்பட்டதா' என்ற கேள்விக்கு விடை 'ஆம்' தான். படிவம் கொடுத்த பிறகு புதிதாகக் கைதோ வழக்கோ ஏற்பட்டாலும் அதை உடனே தெரிவிக்கவேண்டும் என்று மத்திய அரசுப் படிவமே கேட்கிறது.

ஏற்கெனவே 'இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டவர், சரிபார்ப்பு அறிக்கை வருவதற்கு முன்பே திருத்தக் கடிதம் கொடுப்பது நல்லது. விடை தவறு என்பதையும், ஏன் அப்படி எழுத நேர்ந்தது என்பதையும் நேரடியாகச் சொல்லி, மேலே சொன்ன ஆவணங்களை இணைத்து, ஒப்புகை பெற்றுக்கொண்டு கொடுக்கவேண்டும். அது மறைப்பை அழித்துவிடும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் குறிப்பாணை வந்த பிறகு எழுதும் விளக்கத்தையும், வருவதற்கு முன் தாமாகக் கொடுத்த கடிதத்தையும் எந்த அதிகாரியும் ஒரே தட்டில் வைப்பதில்லை. அந்த வேறுபாட்டைக் காட்டப்போவது ஒப்புகையில் உள்ள தேதிதான்.