எமோஜியா, ஒரு வரியா?

கல்லூரியில் உடன் படித்தவர். நான்கு வருடமாகப் பேச்சில்லை. இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் ஓரம் கிழிந்த தோசை, மேலே "முதல் முயற்சி". என்ன அனுப்பலாம்?

தீ எமோஜியைத் தட்டிவிடலாம். நெருங்கிய நண்பருக்கு அது போதும். இவருக்கோ, அது யார் வேண்டுமானாலும் அனுப்பக்கூடிய தீ. அவர் உங்களைப் பின்தொடரவில்லை என்றால் பெரும்பாலும் கோரிக்கைப் பட்டியலில் போய் விழும். அங்கே "ஹாய் டியர்"களுக்கு நடுவில் வெறும் எமோஜியை யார் திறப்பார்கள்?

இல்லையென்றால், படத்தில் இருப்பதையே பிடித்து ஒரு வரி எழுதலாம்: "அந்த ஓரம் அப்படியே இலங்கை மேப்! ஆனா நம்ம ஹாஸ்டல் தோசைக்கு இது எவ்வளவோ மேல்." முதல் பாதி, நீங்கள் ஸ்டோரியைக் கவனித்துப் பார்த்ததைக் காட்டும். அடுத்த பாதி நீங்கள் யாரென்று சொல்லிவிடும். கேலி தோசையோடு நிற்க வேண்டும்; ஆளின் உடம்பு, நிறம் பக்கம் போகவே கூடாது.

நான் இந்த வரியைத்தான் அனுப்புவேன், அன்றைக்கே. 24 மணி நேரத்தில் ஸ்டோரி மறைந்த பிறகு தோசையைப் பற்றிப் பேசினால் தலையும் புரியாது, வாலும் புரியாது. பதிலுக்குச் சிரிப்பு எமோஜி மட்டும் வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். உடனே "அப்புறம், என்ன பண்றீங்க?" என்று தொடர்ந்தால்தான் ஸ்பேம் வாடை அடிக்கும்.