கேட்டுக் குறிப்பதா, தனி எண் கொடுப்பதா?

வீட்டு வாடகை, மனை விற்பனை பார்க்கும் சிறு அலுவலகத்தில், எந்த விளம்பரம் ஆளைக் கொண்டுவருகிறது என்று அறிய இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, அழைப்பவரிடம் "எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்டு நோட்டில் எழுதுவது. செலவே இல்லை. ஆனால் பாதிப் பேர் "நெட்டில் பார்த்தேன்" என்பார்கள். அது சொத்து இணையதளமா, முகநூலா என்பது அவர்களுக்கே நினைவிருக்காது. வேலை மும்முரத்தில் நாமும் கேட்க மறப்போம்.

இரண்டாவது வழி, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் ஒரு சிம். இரண்டு சிம் போடும் ஒரே போனில் இணையதளத்துக்கு ஓர் எண், நாளிதழ் வரி விளம்பரத்துக்கு ஓர் எண். அழைப்பு வந்ததுமே மூலம் தெரியும். எடுக்காமல் விட்ட அழைப்பும் கணக்கில் சேரும். வாசல் பலகையைப் பார்த்துவிட்டு, இணையதளத்தில் தேடி அழைப்பவரை மட்டும் இது தவறாகக் காட்டும்.

எனக்கு இரண்டாவதே பிடிக்கும். ஆனால் அழைப்புகளை மட்டும் எண்ணினால் ஏமாந்துபோவோம். உதாரணமாக, 2,000 ரூபாய் இணையதள விளம்பரத்துக்கு 40 அழைப்புகள் வருகின்றன. அதில் தரகர்களையும் வாடகையைக் கேட்டதும் வைத்துவிடுபவர்களையும் கழித்தால், வீட்டை நேரில் பார்க்க வந்தவர்கள் 4 பேர். 900 ரூபாய் நாளிதழ் விளம்பரத்துக்கு 6 அழைப்புகள்தான். வந்தவர்கள் 3 பேர். தலைக்கு முறையே 500, 300 ரூபாய். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஒருவர் கூடினாலே கணக்கு மாறும் என்பதால், மூன்று மாதமாவது எழுதிய பிறகே விளம்பரத்தை நிறுத்தலாம்.

நிறுத்திய பின்னும் அந்த சிம்மை உடனே தூக்கிப்போட வேண்டாம். வெட்டி வைத்த விளம்பரத்தைப் பார்த்துப் பல வாரம் கழித்தும் அழைப்பார்கள்.