ஜெராக்ஸ் கடையில் ஸ்கூட்டர் சார்ஜிங்: லோடு, கட்டண வகை, கைக்கு நிற்கும் காசு

டியூஷன் சென்டருக்கு எதிரே இருக்கும் என் ஜெராக்ஸ் கடை வாசலில் மூன்று 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட் வைத்து மின்சார ஸ்கூட்டர்களுக்கு சார்ஜ் போட விடுகிறேன். ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இதே யோசனையோடு சிலர் வந்து விசாரிக்கிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது "கரண்ட் தாங்குமா?" என்பதுதான். தாங்கும். இந்தத் தொழிலில் பற்றாக்குறை கரண்டில் இல்லை, நேரத்தில்தான்.

ஸ்கூட்டரோடு வரும் சார்ஜர் பெரும்பாலும் 650 முதல் 950 வாட் வரைதான் இழுக்கும். ஒரு மணி நேரம் போட்டால் அரை யூனிட்டுக்கு மேல், ஒரு யூனிட்டுக்குள் முடிந்துவிடும். பாயிண்டை 3.3 கிலோவாட்டுக்குப் போட்டாலும் சார்ஜர் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுக்கும். மூன்று வண்டி ஒன்றாக நின்றால் இரண்டரை கிலோவாட் சுமாராக வரும். கடையின் மெஷினையும் லைட்டையும் கூட்டிப் பார்த்து, அனுமதி வாங்கிய லோடு போதாவிட்டால் கூடுதல் லோடுக்கு எழுதிக் கொடுங்கள். பொதுவாக 4 கிலோவாட்டைத் தாண்டினால் மூன்று பேஸ் கேட்பார்கள். அந்தச் செலவு வேண்டாமென்றால் இரண்டு பாயிண்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வயரிங்கில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. மணிக்கணக்கில் தொடர்ந்து ஓடும் லோடு என்பதால், மிக்சிக்குப் போதுமான பிளக் இதற்குப் போதாது. ஒவ்வொரு பாயிண்டுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி எம்.சி.பி., எல்லாவற்றுக்கும் சேர்த்து, கரண்ட் கசிந்தால் தானாக அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறேன். அடிக்கடி செருகி எடுப்பதால் சாக்கெட் உள்ளே லூஸாகும். வண்டி ஒரு மணி நேரம் நின்றபின் பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா, ஓட்டையைச் சுற்றி பழுப்பேறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் எது தெரிந்தாலும் சாக்கெட்டை மாற்றிவிட வேண்டும். எர்த் சரியில்லையென்றால் சில சார்ஜர்கள் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு சும்மா இருக்கும். வாடிக்கையாளர் "உங்க கரண்டு சரியில்லை" என்று கிளம்பிவிடுவார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருப்பது நல்லது.

அடுத்தது கட்டண வகை. வண்டிக்கு சார்ஜ் ஏற்றுவது மின்சார விற்பனை அல்ல, சேவை என்று மத்திய மின் அமைச்சகம் 2018-லேயே சொல்லிவிட்டது. அதனால் லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் மாடி வீட்டு சர்வீஸிலிருந்து வயர் இழுத்துக் காசு வாங்கினால், அனுமதித்த நோக்கத்தை மீறிய பயன்பாடாகிவிடும். 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இரட்டைக் கட்டணம் போடலாம். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் முந்தைய 12 மாதத்துக்கும் சேர்த்துப் போடலாம். நான் கடையின் வணிக சர்வீஸிலேயே ஓட்டுகிறேன், யூனிட் சுமார் பத்தரை ரூபாய் விழுகிறது. இ.வி. சார்ஜிங்குக்குத் தனி வகை இருக்கிறது, அதற்குத் தனி மீட்டர் வாங்க வேண்டும்.

இப்போது வருமானம். சுமாரான ஒரு நாளில் நாலு வண்டி, ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணி நேரத்தில் நாலரை யூனிட்தான் போகும். யூனிட்டுக்கு 18 ரூபாய் வாங்கினால் வரவு 81, கரண்ட் செலவு 47, மிச்சம் 34 ரூபாய். கூட்டிய லோடுக்கான நிலைக்கட்டணம் நாளுக்குப் பத்து ரூபாய்ப் பக்கம் போனால் கைக்கு நிற்பது 24. அதனால்தான் மணிக்கு 20 ரூபாய் என்று வாங்குகிறேன். அதே நாளுக்கு வரவு 120, செலவு போக 60 ரூபாய்க்கு மேல் நிற்கும். பேட்டரி 80 சதவீதத்தைத் தாண்டினால் சார்ஜர் இழுப்பது குறையும். யூனிட் கணக்கில் அந்த நேரம் இடத்தை அடைத்துக்கொண்டு ஒன்றும் தராது, மணிக் கணக்கில் அந்த நஷ்டம் இல்லை. ஆனாலும் "ஃபுல் ஆகலையே, ஏன் இருபது?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்குக் காட்டத்தான் சப்-மீட்டர்.

பத்து வண்டி வரும் என்று கணக்குப் போடாதீர்கள். பலருடைய சார்ஜர் வீட்டில் கிடக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பின் வேறு என்பதால் நாம் ஒன்று வாங்கி வைத்தும் பயனில்லை. நிலையாக வருபவர்கள் பக்கத்தில் இரண்டு மூன்று மணி நேரம் வேலை இருப்பவர்கள்தான். என் கடைக்கு டியூஷன் ஆசிரியர்களும், பிள்ளையை விட்டுவிட்டுக் காத்திருக்கும் பெற்றோரும். காத்திருக்கும் நேரத்தில் அவர்கள் எடுக்கும் பிரிண்டில் கிடைப்பது, சார்ஜிங்கில் கிடைப்பதைவிட அதிகம்.

தனி இ.வி. மீட்டரை நான் வாங்காததும் இந்தக் கணக்கால்தான். யூனிட்டுக்கு மூன்று ரூபாய் குறைந்தாலும் நாலரை யூனிட்டுக்கு 13 ரூபாய்தான். மத்திய அரசின் 2024 வழிகாட்டுதல் கட்டணத்தைக் குறைக்கச் சொல்லும் நேரம் காலை 9 முதல் மாலை 4 வரை. என் வண்டிகள் வருவதோ மாலை ஐந்துக்கு மேல். பகலிலேயே நாளுக்கு இருபது யூனிட் போகிற இடம் உங்களுடையது என்றால், இ.பி. ஆபீஸில் தனி சர்வீஸுக்கு முதலிலேயே கேட்டுவிடுங்கள்.