ஆப்ஷனை இப்போதே பங்காக்குவதா, பொறுத்திருப்பதா?

டர்பனில் ஒரு ஸ்டார்ட்அப்பில் வேலை பார்க்கும் என் அக்கா மகளிடம் 10,000 ஆப்ஷன், அதாவது கம்பெனிப் பங்கை முன்பே குறித்த விலைக்கு வாங்கும் உரிமை, இருக்கிறது. வாங்கும் விலை 5 ராண்ட், இன்றைய மதிப்பு 8 ராண்ட். அவள் 45 சதவீத வரி வரம்பில் இருக்கிறாள்.

இப்போதே வாங்கினால் பங்குக்கு 50,000 ராண்ட். 30,000 ராண்ட் லாபம் சம்பளம் போலவே கணக்காகி 13,500 வரி. ஆக 63,500 கையை விட்டுப் போகும். மூன்று வருடத்துக்கு மேல் வைத்திருந்து 50 ராண்டுக்கு விற்றால், மீதி உயர்வுக்கு மூலதன லாப வரிதான், அதிகபட்சம் 18 சதவீதம்: 75,600. மொத்த வரி 89,100.

பொறுத்திருந்து, விற்கும் அன்றே வாங்கினால் 4,50,000 லாபம் முழுவதும் சம்பள வருமானம். வரி 2,02,500. ஆனால் அதுவரை கைக்காசு ஒன்றும் போகாது.

வித்தியாசம் பெரிதுதான். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. பங்கை இஷ்டப்படி சந்தை விலைக்கு விற்க முடியாதபடி ஒப்பந்தம் தடுத்தால், தென்னாப்பிரிக்க வருமான வரிச் சட்டத்தின் 8C பிரிவுப்படி அந்தத் தடை நீங்கும் நாளில்தான் வரி கணக்கிடப்படும். அப்போது சீக்கிரம் வாங்கியும் குறைந்த வரி கிடைக்காது. தனியார் நிறுவனப் பங்குகளில் இத்தகைய தடை சகஜம். பங்குதாரர் ஒப்பந்தத்தில் பங்கு மாற்றம் பற்றிய பகுதியை முதலில் படிக்க வேண்டும்.

அப்புறம், சம்பளமும் சேமிப்பும் ஒரே கம்பெனியில். அது மூடினால் 63,500உம் போச்சு. அதில் கட்டிய 13,500 வரியும் திரும்பாது. அவளுக்கு நான் சொன்னது: தடை இல்லையென்றால் 2,000 மட்டும் இப்போது வாங்கு, 12,700 ராண்டோடு முடியும். மீதி இருக்கட்டும். வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும் என்பதையும் கேட்டு வை.