30 நாள் வரம்பு, 33ஆம் நாள் சேதம்: கருணைத் தொகை கேட்டு வாங்கிய அனுபவம்

ஒரே காப்பீட்டு நிறுவனத்தில் 17 வருஷமாக வீட்டுப் பாலிசி வைத்திருக்கிறேன். 14ஆவது வருஷம் ஒரு சேதம் நடந்தது. பாலிசி நிபந்தனைப்படி எனக்கு ஒன்றும் கிடைக்காது என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம் அதே நிறுவனத்திடம் கருணைத் தொகை, அதாவது கடமை இல்லாவிட்டாலும் நிறுவனம் விரும்பித் தரும் எக்ஸ்கிரேஷியா கேட்டு, ஒரு பகுதியை வாங்கினேன். அதற்கு ஆறு மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் நான் தப்பான வழியில் போனதால் வீணானது. இன்னொருவருக்கு அப்படி ஆகக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. மூன்று வாரத்தில் திரும்பிவிடலாம் என்று ஒரு திங்கட்கிழமை வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். அவருக்குக் காய்ச்சல் விடாததால் நாள் நீண்டுகொண்டே போனது. பக்கத்து வீட்டு அக்கா ஒவ்வொரு வியாழக்கிழமையும் உள்ளே போய் எல்லா அறையையும் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு தம்பி" என்று செய்தி அனுப்புவார். ஐந்தாவது வியாழன் மாலையும் அப்படித்தான் அனுப்பினார். சனிக்கிழமை காலை வாசல் கதவுக்கு அடியில் தண்ணீர் கசிவதைப் பார்த்துக் கூப்பிட்டார். மாடிக் குளியலறையில், முகம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் வளையும் குழாய் அதன் இணைப்பில் விட்டுப்போயிருந்தது. படிக்கட்டு வழியாகத் தண்ணீர் இறங்கி, கீழ் அறையின் மரத்தரை அலை அலையாக எழும்பி நின்றது. கூரையில் ஒரு பக்கம் பூச்சு உப்பி, தொட்டால் மாவு போல உதிர்ந்தது.

பாலிசியில் ஒரு வரி இருக்கிறது. வீட்டில் தொடர்ந்து 30 நாளுக்கு மேல் யாரும் குடியிருக்காவிட்டால் தண்ணீர்க் கசிவுக்கும் திருட்டுக்கும் பாதுகாப்பு நின்றுவிடும். தீ விபத்துக்கு மட்டும் தொடரும். "குடியிருப்பது" என்றால் இரவு தங்குவது; பக்கத்து வீட்டார் வந்து பார்த்துப் போவது கணக்கில் வராது. கிளம்பிய திங்கட்கிழமையை முதல் நாளாக வைத்தால் அக்கா கடைசியாகப் பார்த்த வியாழன் 32ஆம் நாள், சேதம் தெரிந்த சனிக்கிழமை 34ஆம் நாள். நிறுவனம் எண்ணியது போல மறுநாளிலிருந்து தொடங்கினால் சனிக்கிழமை 33ஆம் நாள்; அப்படி எண்ணினாலும் புதன்கிழமையோடு 30 முடிந்துவிடுகிறது. வியாழன் மாலை வீடு காய்ந்து இருந்தது என்பதால், குழாய் விட்டது வரம்புக்கு வெளியேதான் என்பதில் சந்தேகமே இல்லை.

சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் கேட்டபோது அந்த வியாழக்கிழமைச் செய்தியை அவரிடம் காட்டினேன். காட்டாமல் இருந்திருந்தால் கசிவு எப்போது தொடங்கியது என்று யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. ஆனால் பொய் சொல்லி வாங்கும் பணம் எனக்கு வேண்டாம். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டதற்கு அந்தச் செய்திதான் காரணம். பிற்பாடு கருணைத் தொகை கிடைத்ததற்கும் அதே செய்திதான் காரணமானது.

நிராகரிப்புக் கடிதம் வந்ததும் போன் செய்து சத்தம் போட்டேன். "14 வருஷமா பணம் கட்டுறேன், மூன்று நாளுக்காக இப்படிச் செய்யலாமா?" கேட்டுக்கொண்டிருந்த பெண் பொறுமையாகச் சொன்னார், "சார், எனக்கு அந்த அதிகாரம் இல்லை." அது உண்மை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கிளெய்ம் மேசையில் இருப்பவர் பாலிசிக்குள் வரும் தொகையைத்தான் தர முடியும். பாலிசிக்கு வெளியே ஒரு தொகை தர, மேலே உள்ள ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அடுத்து அவர்களுடைய புகார்ப் பிரிவுக்கு எழுதினேன். இதுதான் பெரிய தப்பு. புகார்ப் பிரிவு ஒரே ஒரு கேள்வியைத்தான் பார்க்கும்: எடுத்த முடிவு நிபந்தனைப்படி சரியா? சரி என்றால் கோப்பை மூடிவிடுவார்கள். நிறுவனத்தோடு எனக்கிருந்த உறவு, வருஷக் கணக்கு எதுவும் அங்கே எடுபடவில்லை. இரண்டு மாதம் கழித்து "முடிவில் மாற்றமில்லை" என்று பதில் வந்தது.

என் சித்தப்பா ஒருவர் கிளெய்ம் துறையில் நீண்ட காலம் இருந்து ஓய்வு பெற்றவர். கடிதங்களை எல்லாம் படித்துவிட்டு அவர் கேட்டார், "முதல்ல ஒண்ணு சொல்லு. அவங்க முடிவு தப்புன்னு நினைக்கிறியா, இல்ல சரின்னு தெரிஞ்சும் உதவி கேட்கிறியா? ரெண்டையும் ஒரே கடிதத்துல கேட்டா ரெண்டும் போகும்."

இது எனக்கு மிகவும் உதவிய வார்த்தை. முடிவு தப்பு என்று வாதாட இடமிருந்தால் அதை முடித்துவிட்டுத்தான் கருணைத் தொகை பக்கம் வர வேண்டும். ஏனென்றால் கருணைத் தொகை கேட்பதே "பாலிசியில் எனக்கு உரிமை இல்லை" என்று ஒப்புக்கொள்வது போலத்தான். அதனால் கடிதத்தில் "என் மற்ற உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். இன்னொன்றும் எச்சரித்தார்: கருணைத் தொகைக்காகக் காத்திருக்கும் நாட்களிலும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடமோ நீதிமன்றத்துக்கோ போவதற்கான காலக்கெடு ஓடிக்கொண்டே இருக்கும், நமக்காக அது நிற்காது. என் விஷயத்தில் வார்த்தைகள் தெளிவாக இருந்ததால் வாதாட ஒன்றுமில்லை என்று முடிவு செய்தேன்.

பழைய பிரீமியம் ரசீதுகளையெல்லாம் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். 14 வருஷமும் இடைவெளி இல்லாமல் அதே நிறுவனம். நடுவில் ஒரே ஒரு சின்னக் கிளெய்ம். நான் கட்டிய மொத்தத்தில் 8 சதவீதம்கூட இல்லை. வாகனப் பாலிசியும் அங்கேதான். "நான் பழைய வாடிக்கையாளர்" என்று சொல்வதற்கும் இந்தக் கணக்கைக் காகிதத்தில் வைப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு, ஏனென்றால் கையெழுத்துப் போடுபவர் தன் மேலதிகாரிக்கு அதைத்தான் காட்ட வேண்டும். ஒரே ஏஜென்ட் மூலம் நிறுவனம் மாறி மாறி வாங்கியிருந்தால் அது ஏஜென்டோடு உள்ள உறவாகத்தான் பார்க்கப்படும், நிறுவனத்தோடு அல்ல.

ஆனால் உறவு மட்டும் போதாது. "வரம்புக்குச் சற்றே வெளியே" என்பதை நிரூபிக்க வேண்டும். அதில் எனக்கு இரண்டு வாதங்கள் இருந்தன. ஒன்று, 29ஆம் நாளும் வீடு அதே போலப் பூட்டித்தான் இருந்தது. அன்று குழாய் விட்டிருந்தால் முழுப் பணமும் வந்திருக்கும், அதற்கும் 33ஆம் நாளுக்கும் ஆபத்தில் வித்தியாசமே இல்லை. இரண்டாவதுதான் வலுவானது. முன்கூட்டியே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எந்த ஆபத்தை எந்த நிபந்தனையில் ஏற்பது என்று முடிவு செய்யும் அண்டர்ரைட்டிங் பிரிவை ஏஜென்ட் மூலம் கேட்டேன். வாரம் ஒருமுறை யாராவது உள்ளே போய்ப் பார்க்க வேண்டும், தண்ணீரின் பிரதான வால்வை மூட வேண்டும், இந்த இரண்டு நிபந்தனையோடு கூடுதல் பிரீமியம் இல்லாமல் 60 நாள் வரை நீட்டியிருப்போம் என்று பதில் வந்தது. ஆக, ஒரு தகவல் சொல்லாமல் விட்டதுதான் என் குறை. நிறுவனம் விரும்பாத ஆபத்தை நான் அதன் தலையில் கட்டவில்லை.

முதல் நிபந்தனையை அக்காவின் ஐந்து செய்திகள் நிறைவேற்றிவிட்டன. இரண்டாவதை நான் செய்யவில்லை, வால்வு திறந்தே இருந்தது. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். "சர்வேயர் அறிக்கைல இருக்கும்டா, நீயே சொல்லிடு" என்றார் சித்தப்பா. சொன்னேன்.

கடிதம் ஒரே பக்கம்தான். கிளை மேலாளர் பெயருக்கு, கிளெய்ம் மேலாளருக்கு நகல், ஏஜென்டின் பரிந்துரைக் குறிப்போடு போனது. முதல் வரியிலேயே நிராகரிப்பை எதிர்க்கவில்லை என்றேன். எவ்வளவு வேண்டும் என்பதையும் சொன்னேன். "ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்" என்று விட்டால் யாராலும் முடிவெடுக்க முடியாது. சர்வேயர் மதிப்பிட்ட சேதத்தை 100 என்று வைத்துக்கொண்டால் கட்டடம் 70, வீட்டுப் பொருட்கள் 30. பொருட்களை விட்டுவிட்டேன். கட்டடத்தில் என் பங்காக எப்படியும் கழியும் 5ஐயும் கழித்து 65 கேட்டேன்.

ஐந்து வாரம் கழித்து மேலாளரே கூப்பிட்டார். கட்டடத்தில் பாதி, 35 தருவதாகச் சொன்னார். வால்வை மூடியிருந்தால் சேதமே இல்லை, அதனால் பாதி உங்கள் பொறுப்பு என்றார். அது நியாயமாகத்தான் எனக்குப் பட்டது. பேச்சோடு பேச்சாக ஒரு விஷயம் சொன்னார்: பெரிய இழப்பாக இருந்தால் இது நடந்திருக்காது. பெரிய தொகைகளில், காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் மறுகாப்பீட்டு நிறுவனங்கள் பங்கு போடும்; கருணைத் தொகையை அவை ஏற்க வேண்டுமென்று ஒப்பந்தத்திலேயே இல்லாவிட்டால் பெரும்பாலும் ஏற்காது. முழுத் தொகையும் இவர்கள் கையிலிருந்தே போகும். என்னுடையது சின்னத் தொகை, முழுக்க அவர்களுடைய பொறுப்பிலேயே இருந்தது.

பணம் வருவதற்கு முன் ஒரு படிவம் வந்தது. "பொறுப்பை ஏற்காமல், முழுமையான இறுதித் தீர்வாக" என்று இருந்தது. கையெழுத்துப் போட்டால் இந்தச் சேதத்துக்காக இனி எங்கேயும் போக முடியாது. போடுவதற்கு முன், இது கிளெய்மாகப் பதிவாகுமா என்று எழுத்தில் கேட்டேன். ஆகும், அடுத்த புதுப்பித்தலில் கிளெய்ம் இல்லாததற்கான தள்ளுபடி போகும் என்றார்கள். கணக்குப் போட்டேன். தள்ளுபடி பழைய நிலைக்கு வரும் வரை இழப்பது, கிடைப்பதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. சேதம் சின்னதாக இருந்திருந்தால் கேட்காமலே இருந்திருப்பேன்.

இப்போது மூன்று வருஷம் ஆகிறது, அங்கேயே தொடர்கிறேன். பிரீமியம் தள்ளுபடி போன அளவுக்குத்தான் ஏறியது. என் கோப்பில் "ஒருமுறை மட்டும் வழங்கப்பட்டது" என்ற குறிப்பு இருப்பதாக ஏஜென்ட் சொன்னார். இதே காரணத்துக்காக மறுபடி கேட்டால் கிடைக்காது. போன வருஷம் அம்மாவையும் அப்பாவையும் அழைத்துக்கொண்டு 40 நாள் வெளியே போனோம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே மின்னஞ்சல் அனுப்பினேன், இரண்டாம் நாள் நீட்டிப்பு எழுத்தில் வந்தது. அக்கா வியாழக்கிழமைதோறும் படம் எடுத்து அனுப்பினார், முதல் படம் மூடிய வால்வு.